மூன்றாவது தட்டுக்குப் போகாத அட்டை

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'மூணுதட்டு'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவருக்கு அது தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான மூச்சுக் கருவி செய்யும் நிறுவனம் அது. குழந்தையின் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. மூச்சு தடுமாறினால் பெட்டி சத்தம் போட்டு வீட்டையே எழுப்பிவிடும். கருவிகள் பல நாடுகளுக்குப் போகின்றன. அவற்றோடு போகிற காகிதமும், அங்கிருந்து வருகிற காகிதமும் மொழி மாறியாக வேண்டும். எதைக் கணினி மொழிபெயர்த்தாலே போதும், எதை மனிதர் பார்க்க வேண்டும் என்று பிரிப்பதுதான் பதினாறு வருடமாகக் கிடங்குக் கணக்கு பார்த்த நம் ஆளுக்கு இப்போது வேலை.

மேசையில் மூன்று பிளாஸ்டிக் தட்டுகள். முதல் தட்டில் இருப்பதைக் கணினி மட்டும் மொழிபெயர்க்கும்: வெளியிலிருந்து வரும் கடிதங்கள், சரக்குப் பட்டியல், கூட்டக் குறிப்பு. விஷயம் என்னவென்று நமக்குப் புரிந்தால் போதும் என்கிற ரகம். இரண்டாவது தட்டில் கணினி செய்ததை ஒருவர் மேலோட்டமாகப் பார்த்துச் சரிசெய்வார்: விளம்பரத் தாள், வழக்கமான பதில் கடிதம். மூன்றாவது தட்டில் ஒப்பந்தமும் பயனர் கையேடும். அவற்றை மொழிபெயர்ப்பாளர் அம்மா மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் வாரத்தில் இரண்டே நாள்தான் வருவார். அதனால் மூன்றாவது தட்டில் ஒரு தாள் வைக்க நம் ஆளுக்கு மனசே வராது. கல்யாணப் பந்தியில் நெய் ஊற்றுகிறவர் மாதிரி பார்த்துப் பார்த்துத்தான் வைப்பார்.

வீட்டிலும் இந்தப் புத்தி போகவில்லை. "நான் சொல்றதெல்லாம் உங்களுக்கு முதல் தட்டுதானே? அர்த்தம் புரிஞ்சா போதும், பதில் சொல்லணும்னு இல்ல" என்பாள் மனைவி. அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடல் கடந்த ஊரிலிருந்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. வருகிற கடிதம், ஆகவே முதல் தட்டு. கணினி இப்படி மொழிபெயர்த்திருந்தது:

'உங்கள் கருவிக்கு நன்றி. அட்டையில் நீங்கள் சொன்னபடி, அரை மணிக்கு ஒரு முறை மகளின் மூச்சைக் கையை வைத்து எண்ணுகிறோம். ஒரு இரவு நான், ஒரு இரவு மனைவி. நான்கு மாதம் ஆகிறது. எங்களுக்குச் சலிப்பு இல்லை. எதுவரை எண்ண வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.'

மூலையில் 'நன்றிக் கடிதம்' என்று எழுதி, கோப்பில் போடக் கையை நீட்டிவிட்டார். நான்கு மாதம் என்ற சொல் அப்போதுதான் உறைத்தது. மறுபடி படித்தார்.

கருவியோடு போகும் ஒரு பக்க வழிமுறை அட்டையின் மூலத்தையும், அவர்களுக்குப் போன மொழிபெயர்ப்பையும் தேடி எடுத்தார். முதல் நாள் இரவு மட்டும், பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, அரை மணிக்கு ஒரு முறை எண்ணிப் பெட்டியில் தெரியும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். 'இரண்டாம் இரவிலிருந்து இது தேவையில்லை, சத்தம் கேட்கும் தூரத்தில் நீங்களும் தூங்கலாம்' என்ற வரி, தொட்டில் படத்துக்குள் ஒரு கட்டத்தில் இருந்தது. 'முதல் நாள் இரவு' என்ற தலைப்பும் அதே படத்துக்குள்தான். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கணினி எழுத்தாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே இருந்ததை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்துவிட்டு, அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டது. அந்த அப்பா அம்மாவுக்கு அது ஏதோ அன்னிய எழுத்து, ஏதோ அலங்காரம்.

அட்டையை முதல் தட்டில் வைத்தது அவரேதான். முழுக் கையேட்டை ஏற்கெனவே மொழிபெயர்ப்பாளர் அம்மா பார்த்தாயிற்று, இது அதன் சுருக்கம்தானே, ஒரு பக்கம்தானே, பாதி படம்தானே என்று நினைத்தார். தடிமனான கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பெற்றோர் அந்த ஒரு பக்கத்தைத்தான் படிப்பார்கள் என்று நினைக்கவில்லை. கடிதத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கண்ணாடி அறையில் மொழிபெயர்ப்பாளர் அம்மா விநியோக ஒப்பந்தத்தில் தலையைக் கவிழ்த்திருந்தார். மதியத்துக்குள் அது வேண்டும் என்று மேனேஜர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நம் ஆள் கடிதத்தையும் அட்டையையும் நீட்டி, நடந்ததைச் சொன்னார்.

மேனேஜர் படித்தார். "அய்யோ பாவம். சரி, பதில் அனுப்பிடுங்க. பதில் கடிதம் ரெண்டாவது தட்டுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க. மேடம் இதை முடிக்கட்டும்."

"நான் எழுதினதுதான் சார். அதுதான் தப்பு. தாளோட பேரைப் பார்த்துப் பிரிச்சிருக்கேன். அதைப் படிச்சிட்டு என்ன செய்யப் போறாங்கன்னு பார்க்கல."

"ஒப்பந்தம் இன்னிக்குப் போகலைன்னா எனக்குத் தலை போகும்."

"ஒப்பந்தத்தை நாலு வக்கீல் பார்ப்பாங்க சார். இதைப் பார்க்க அங்க தூங்காத ரெண்டு பேர்தான் இருக்காங்க."

அவர் இதற்கு முன் மேனேஜரிடம் இப்படி எதிர்த்துப் பேசியதே இல்லை. அம்மா பேனாவை மூடிவிட்டு, "அவங்க போன் நம்பர் இருக்கா?" என்று கேட்டார். மேனேஜர் நகர்ந்து வழிவிட்டார்.

முதலில் நிறுவனத்து நர்சைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "இதுவரைக்கும் பெட்டி எத்தனை தடவை சத்தம் போட்டுதுன்னு கேளுங்க. அவங்க டாக்டர்கிட்டயும் இன்னிக்கே ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்க. பட்டையை மட்டும் கழட்டவே கூடாது" என்றாள் நர்ஸ்.

போனை எடுத்தது குழந்தையின் அம்மா. மொழிபெயர்ப்பாளர் அம்மா அந்த மொழியில் மெதுவாகப் பேசினார். நம் ஆளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மறுமுனையில் அந்தப் பெண் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

போனைக் கையால் பொத்திக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் அம்மா சொன்னார்: "ஒரு தடவைகூட சத்தம் வரலையாம். டாக்டர்கிட்ட கேட்கிறாங்களாம். ஆனா எழுதிக் கொடுத்தாத்தான் படுப்பேன்னு சொல்றாங்க. முதல்ல எண்ணச் சொன்னதும் எழுத்துலதானேங்கிறாங்க."

"தப்பு நம்ம தப்புன்னு சொல்லுங்க மேடம். நான் பண்ணினதுன்னு சொல்லுங்க."

நாலே வரிக் கடிதம். அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அம்மா தமிழிலும் அந்த மொழியிலும் எழுதினார், நர்ஸ் விஷயத்தைச் சரிபார்த்தாள், அந்த மொழி தெரிந்த விற்பனைப் பிரிவுப் பெண் தமிழ் மூலத்தைப் பார்க்காமல் படித்து, தனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொன்னாள். எதை எப்போது நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது என்பது தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் மூன்று தடவை பார்த்தார்கள். கடிதம் போன பிறகு நம் ஆள் அந்த அட்டை போன முப்பத்தாறு வீடுகளின் பட்டியலை எடுத்து வைத்தார். அன்று மாலைக்குள் எல்லோருக்கும் போன் போயிற்று. ஒப்பந்தம் மறுநாள் போனது. மேனேஜரின் தலை கழுத்தின் மேல்தான் இருந்தது.

மறுநாள் மதியம் மின்னஞ்சலில் பதில் வந்தது. ஒரே வரி. கணினி அதை உடனே மொழிபெயர்த்துக் கொடுத்தது. அவர் அதைத் திரையில் இரண்டு தடவை படித்தார். பிறகு மூலத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனார்.

அம்மா வாங்கிப் படித்தார். "டாக்டர் சரின்னுட்டார். நேத்து ராத்திரி மூணு பேரும் தூங்கினோம்." நிமிர்ந்து பார்த்தார். "கணினியும் இதைத்தானே சொல்லியிருக்கும்?"

"அதேதான் மேடம்."

"அப்புறம் என்கிட்ட ஏன் எடுத்துட்டு வந்தீங்க?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு மனுஷர் சொல்லிக் கேட்கணும்போல இருந்துச்சு."