அவருடைய மூவாயிரம் அடிகள்

கனடாவிலிருக்கும் மகன்தான் என் கணவரின் போனில் நடக்கும் அடிகளை எண்ணும் செயலியைப் போடுவித்தான். "கைக்கு மணிக்கூடு ஒண்டும் வாங்கத் தேவையில்லை, அப்பா. போன் சேட் பொக்கற்றுக்கை இருந்தாக் காணும்" என்றான். நாளுக்கு ஆயிரம் அடியில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டி, மூவாயிரத்துக்குப் போவதாக ஏற்பாடு.

தினமும் மண்கும்பான் கடற்கரைப் பக்கம் நடந்தார். "இஞ்சாரும், நீரும் வாருமன்" என்று கூப்பிடுவார். "எனக்கு ஏலாது. குசினி வேலையை ஆர் பாக்கிறது?" என்று எரிந்து விழுவேன். இரண்டாயிரத்து எண்ணூறு வரை வந்துவிட்டார். பிறகு ஒருநாள் விடிய அவர் எழும்பவில்லை.

செத்தவீட்டன்று வெளிநாட்டு அழைப்புகள் எல்லாம் அவருடைய போனுக்குத்தான் வந்தன. அதைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கும் வாசல் படலைக்குமாக நாள் முழுக்க நடந்தேன். ஆண்கள் அவரைச் சுடலைக்குக் கொண்டுபோன பிறகு, படலையில் இருந்து திரும்பி வரும்போது போன் அதிர்ந்தது. ஆரோ கோல் எடுக்கிறார்கள் என்று பார்த்தேன். மூவாயிரம் அடி நிறைந்துவிட்டதாம். திரையில் வர்ணத் துண்டுகள் பறக்க வாழ்த்துச் சொல்லியது.

அவர் கூப்பிட்டபோது ஒருநாளும் எழும்பாத கால்கள்தான் அவ்வளவையும் நடந்திருந்தன.