இரண்டு வரி நிரூபணம்

கிருஷ்ணகிரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்று கணங்களின் சமச்சீர் வித்தியாசத்தில் அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறாது என்று நிரூபிக்க வேண்டும், பத்து மதிப்பெண். எல்லோரும் ‘x ஓர் உறுப்பு என்க’ என்று தொடங்கி, எட்டு நிலைகளுக்குள் புகுந்து, பாதியில் தொலைந்திருந்தார்கள்.

ஒரு தாளில் மட்டும் இரண்டே வரி. உறுப்பு கணத்தில் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். இரண்டு கணங்களில் ஒன்றில் மட்டும் இருப்பதே சமச்சீர் வித்தியாசம் என்பதால், அதன் மதிப்பு இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்த மீதி. ஆகவே இரு பக்கமும் மூன்றையும் கூட்டி இரண்டால் வகுத்த மீதிதான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து போட்டேன்.

தலைமைத் தேர்வாளர் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“ஆன்சர் கீயில எட்டு கேஸ் இருக்குதுங்க சார். இதுல ஒரு ஸ்டெப்பும் இல்லியே. ரெண்டு போடுங்க.”

“தப்புன்னு சொல்லுங்க சார், போடறேன்.”

“சரியாத்தான் இருக்குது. கீயில இல்லீங்களே.”

கத்தினேன். பிறகு பத்தை அடித்து இரண்டு போட்டேன்.

அடுத்த பருவத்தில், ஓசூரில் என் வகுப்பு. அதே கணக்கைப் பலகையில் போட்டு, எட்டு நிலைகளில் மூன்றாவதை எழுதும்போது, ஷிப்டு முடித்து கம்பெனிச் சட்டையோடு வந்திருந்த மாணவி கேட்டாள்.

“சார், இதுக்கு சுருக்கா வேற வழி இருக்குதுங்களா?”

“இல்லம்மா” என்றேன்.