ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்ற என் கடை

கிள்ளானில் ஆற்றுக்கு வடக்கே இருந்த என் தையல் கடையைத் தெற்கே மாற்றியபோது, இயந்திரங்களும் ஆளுயரக் கண்ணாடியும் ஒரே லோரியில் வந்து சேர்ந்துவிட்டன. ஃபோன் வரைபடத்தில் மட்டும் கடை வரமாட்டேன் என்றது. முகவரியை நான்தான் மாற்றினேன். எழுத்தில் புது முகவரி இருந்தது, சிவப்புக் குறி பழைய இடத்திலேயே நின்றது. முகவரியை மாற்றினால் குறியும் பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்தேன். இல்லையாம், குறியைத் தனியாக இழுத்து வைக்கவேண்டுமாம். வாடிக்கையாளர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஃபோன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"அக்கா, மேப் சொல்ற எடத்துலதான் நிக்கிறேன். இங்க டயர் கடைதான் இருக்கு."

"அது பழைய எடம்மா. பாலத்தத் தாண்டி இந்தப் பக்கம் வா."

"இந்த ஜாம்லயா? அடுத்த வாரம் வரேன் லா."

அடுத்த வாரம் என்பவர்கள் எந்த வாரமும் வருவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னைப் பதறவைத்தது ஒரு கல்யாணப் பெண். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை அவளுக்கு. முகூர்த்த ரவிக்கையை ஒருமுறை போட்டுப் பார்க்காமல் நான் கொடுக்கமாட்டேன். அவள் டயர் கடை வரை வந்து, ஷிஃப்டுக்கு நேரமாகித் திரும்பிப் போய்விட்டாள். இனி அவளுக்கு விடுப்பு கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமைதான்.

என் கணவர் குறியை இழுத்துச் சரியான இடத்தில் வைத்து அனுப்பினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. பிறகு, ஏற்கவில்லை என்று வந்தது. காரணம் கிடையாது. ஒருத்தர் சொன்னால் நம்பமாட்டார்கள், ஊரே சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்து, வாடிக்கையாளர் குரூப்பில், "எல்லாரும் மேப்புல கடைய சரியான எடத்துல வச்சி விடுங்க" என்று போட்டேன். அந்தப் புத்தியை எதால் அடிப்பது?

நம் ஆட்களுக்கு உதவும் குணம் அதிகம். எல்லாரும் வைத்தார்கள், அவரவர் கார் நிறுத்தும் இடத்தில். என் கடை வாசலில் என்றைக்குமே பார்க்கிங் கிடைக்காது. ஒருத்தி வாழையிலைச் சாப்பாட்டுக் கடைப் பக்கம் வைத்தாள், ஒருத்தி மருந்துக்கடைப் பின்சந்தில். குறி ஒருநாள் உண்மையாகவே நகர்ந்தது. ஆற்றைத் தாண்டி வந்து, இரண்டு தெரு தள்ளி, கோயில் கார் பார்க்கில் போய் நின்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் வரைபட நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத உட்கார்ந்தோம். கணவர் வணக்கத்தில் ஆரம்பித்து, கிள்ளானில் எங்கள் குடும்ப வரலாற்றுக்குப் போய்விட்டார்.

"மந்திரிக்கா மனு எழுதுறீங்க?"

"மரியாத வேணாமா?"

"மரியாத ஒரு வரி போதும். கடை எங்கன்னு சொல்லுங்க."

முகவரி சரி, குறி மட்டும் தவறு, கடை இடம் மாறியது, நாங்களே உரிமையாளர்கள் என்று எழுதினோம். மாடியில் இருக்கும் கடைக்கு ஏறும் படிக்கட்டு வாசலில் நின்று வரைபடத்தை அழுத்திப் பிடித்தபோது வந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சேர்த்தோம். முதலில் எடுத்த படத்தில் பெயர்ப்பலகை மட்டும்தான் தெரிந்தது. பலகையை எந்த ஊரிலும் மாட்டலாமே. எதிர்ப்பக்கம் போய், பலகையும் படிக்கட்டும் பக்கத்து மருந்துக்கடையும் ஒன்றாகத் தெரிய வேறு படம் எடுத்தோம். நகராண்மைக் கழக உரிமத்தின் நகலையும் வைத்தோம். குரூப்பில், "இனிமே யாரும் கை வைக்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்" என்று போட்டேன்.

பதில் வரவில்லை. வியாழக்கிழமை வந்துவிட்டது. ரவிக்கை இன்னும் பாதித் தையலில்தான் இருந்தது. அவளுக்கு வழி சொல்லலாம் என்று ஃபோன் அடித்தால் அவள் எடுக்கவில்லை. மதியம் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. பெண்ணும் அவள் அம்மாவும்.

"மேப் நேரா படிக்கட்டுக்கே கொண்டாந்து விட்ருச்சிக்கா. கீழ எறங்கிக்கிட்டேன், அம்மாதான் காரப் போட்டுட்டு வந்தாங்க."

என் ஃபோனைப் பார்த்தேன். குறி எங்கள் கட்டடத்தின் மேல் இருந்தது. அந்த நிமிடம் அழுகையே வந்துவிட்டது எனக்கு. அவள் ரவிக்கையைப் போட்டுக் கையைத் தூக்கினாள், தூக்க முடியவில்லை. தோளில் அரை அங்குலம் இறுக்கம். இவள் வராமல் போயிருந்தால் மாலை மாற்றக் கை எழும்பியிருக்காது. உடனே பிரித்துவிட உட்கார்ந்தேன். அவள் அம்மா ஜன்னலோரம் ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் காட்டுது. ஆனா இங்க பார்க்கிங்கே இல்லையே. கோயில்கிட்டதான் எடம் கெடச்சிச்சு. பின்னால வர்றவங்களுக்கு ஒதவுமேன்னு கடைய அங்க மாத்தி வச்சிடறேன்."

ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், முதலில் அந்த ஃபோனை அவர் கையிலிருந்து வாங்கினேன்.