வெயில் என்று சொன்னேன்

ஆமத்தூரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். கூட வேலை பார்த்தவன் கை என் தோளில் கிடந்தது. கால்கள் இழுபட்டன. பின்னால் விட்டுவந்தது ஒரு பட்டாசுக் கம்பெனி.

முந்தின நாள் மத்தியானம் மருந்து கலக்கும் அறை வாசலில் அவன் மடியிலிருந்து தீப்பெட்டி விழுந்தது. போர்மேன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடோனுக்குள் இழுத்துப்போய்த் தள்ளினார். பக்கத்தில் நின்ற என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஏலே, காலைப் பிடிலே. இல்ல, அடுத்தது நீதான்."

பிடித்தேன். சவுக்குக் கட்டை தொடையிலும் புட்டத்திலும் விழுந்துகொண்டே இருந்தது. தோல் கிழியவில்லை. ஒவ்வொரு அடியும் என் மணிக்கட்டு வரை அதிர்ந்தது. எங்களை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, விடிந்ததும் வெளியே தள்ளினார். "வெயில்ல விழுந்தான்னு சொல்லணும். வேற பேச்சு வந்துச்சு, தோலை உரிச்சிருவேன்."

வழியில் வேலியோரம் ஒதுங்கினான். நாலு சொட்டு. கடுங்காப்பி நிறம்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னேன். வெயில், தண்ணீர் குடிக்கவில்லை, விழுந்துவிட்டான். நாக்கு வறண்டு, நாடி வேகமாக ஓடியதால் நம்பும்படிதான் இருந்தது. அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூத்திரப்பை உப்பியிருக்கவில்லை. மூத்திரம் எடுக்கும் குழாய் தடையில்லாமல் உள்ளே போனது. கால் டம்ளர் வந்தது.

"அடைப்பு இல்ல. தண்ணி வத்துனது மட்டும்னா சலைன் ஏறினா போகும்" என்றார் நர்சிடம்.

இரண்டு பாட்டில் ஏறியது. நாக்கு நனைந்தது, நாடி நிதானத்துக்கு வந்தது. கட்டிலில் தொங்கிய பையில் மட்டும் மூத்திரம் கூடவில்லை.

லேப்காரர் வந்தார். "மூத்திரத்துல முக்குன பட்டையில ரத்தம்னு பலமாக் காட்டுதும்மா. மைக்ராஸ்கோப்புல பாத்தா ஒரு சிவப்பணு கிடையாது. பழுப்பா, அச்சுல வார்த்த மாதிரி துண்டு துண்டாக் கெடக்கு. அடர்த்தியும் இல்ல. தண்ணி வத்துனவன் மூத்திரம் கெட்டியால்ல இருக்கணும்?"

டாக்டரம்மா கைலியை விலக்கினார். தொடை இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில், கல்லாக வீங்கியிருந்தன.

"இது வெயிலாப்பா? சதை நசுங்கி, அந்தச் சாறு கிட்னிக்குள்ள போய் அதையே கெடுத்திருக்கு. உன் பேச்சை நம்பி பாட்டில் பாட்டிலா ஏத்தியிருந்தா, வெளிய போக வழியில்லாம நுரையீரல்ல நின்னு மூச்சை அடைச்சிருக்கும். யாரு அடிச்சது?"

"போர்மேன். காலைப் பிடிச்சது நான்."

கண்ணை மூடியிருந்தவன் வாய் திறந்தான். "நல்லாத்தான் பிடிச்சான்ம்மா. அசையவே விடல."

யாரும் சிரிக்கவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது, இதயம் நின்றுவிடலாம் என்று ஒரு ஊசி போட்டார். போலீசுக்குச் சீட்டு எழுதினார். வேனில் மதுரைக்கு அனுப்பினார். அங்கே அன்றைக்கே அவனை டயாலிசிஸ் மெஷினில் படுக்கவைத்தார்கள்.

மறுநாள் காலை அவனுக்கு மூச்சு சீராக இருந்தது. என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அந்த ஆஸ்பத்திரியிலேயே ஸ்டிரெச்சர் தூக்க ஆள் எடுத்தார்கள். நானும் போய் நின்றேன்.

"தலைப்பக்கமா, கால்பக்கமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

தலைப்பக்கம் என்றேன்.