விலக்கு இல்லாத விசா

மெல்போர்னில் இருக்கும் மகளோடு போய்க் குடியேற, கணவர் பரமசிவத்தோடு சேர்ந்து விண்ணப்பித்திருந்த கோமளவல்லி, தன் நுரையீரலில் இருந்த பழைய காசநோய்த் தழும்புதான் தடையாகும் என்று பயந்திருந்தாள். தில்லி கரோல் பாக் விசா ஆலோசகர் ஸ்ரீதர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"அங்க போனதும் செக்கப்புக்கு வரேன்னு எழுதிக் கொடுத்தா போதும், மாமி. மாமாவோட கிட்னிதான் பிரச்சினை. டயாலிசிஸ் செலவு ஆஸ்திரேலிய அரசு வச்சிருக்கற வரம்பைத் தாண்டிடும்."

"அந்த வரம்புக்கு விலக்கு கேக்க முடியாதா?"

"கணவன் மனைவி விசாவுல கேக்கலாம். பெத்தவங்க விசாவுல கிடையாது. ஒருத்தருக்கு மறுத்தா ரெண்டு பேருக்கும் மறுப்புதான்."

"நான் இங்கயே இருந்துடறேன்" என்றார் பரமசிவம்.

"அப்பவும் உங்க ரிப்போர்ட்டைக் கணக்குல எடுப்பாங்க, மாமா."

கோமளவல்லிக்கு அழுகை வரவில்லை. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டு எழுந்தாள். மெட்ரோவில் கணவர் தூங்கிப்போனார். மகள் அழைத்தபோது, கோமளவல்லி அங்கே மழையா என்று மட்டும் கேட்டாள்.