அக்கா கண்ணைக் காட்டவில்லை

என் அக்காவுக்கு அமைய இருந்த நல்ல சம்பந்தம் ஒன்றை நான் கெடுத்தேன். கெடுத்துவிட்டுப் பழியை அவள்மேல் போட்டேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள இந்த வயதிலும் ஆசையாக இருக்கிறது. தெரிந்துதான் செய்தேன்.

அந்தப் பகற்பொழுதை நினைத்தால் முதலில் வருவது இளம் வெற்றிலையின் காரமான மணம். வண்ணார்பேட்டையில் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. வீட்டின் நடுக்கூடத்தை நாங்கள் ‘பட்டாசல்’ என்போம். நாங்குநேரியிலிருந்து ஒரு பெரியவரும், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அவர் மகன் சங்கரலிங்கமும், அக்கா கோமதியைப் பார்க்க வண்டி கட்டி வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். இரு வீட்டாரும் அதற்குமுன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அப்பா வக்கீல் குமாஸ்தா. எழுத்தில் சூரர், புது மனிதர் எதிரே வந்து உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு இது தெரியும். ஆகையால் பலகாரத்துக்கு முன்பே, பேச்சு நின்றுபோகும் நேரங்களுக்கு வேண்டியதை அவள் தயார் செய்தாள். பாய்களை எதிரெதிராக விரிக்காமல், இரண்டும் முற்றத்தைப் பார்க்கும்படி சற்றுச் சாய்த்து விரித்தாள். முற்றத்தில் பிறந்து பத்து நாளான கன்றுக்குட்டியைக் கட்டச் சொன்னாள். பாய்களுக்கு நடுவே வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவைத்து, வெட்டிய பாக்கை எடுத்துவிட்டு முழுப் பாக்கையும் பாக்குவெட்டியையும் போட்டாள். கைக்கு வேலை இருந்தால் வாய் சும்மா இருப்பது உறுத்தாது என்பது அவள் கணக்கு. அப்பாவிடம், “ஆமா இல்லன்னு முடிஞ்சு போகுத கேள்வியா கேக்காதிய. வழியக் கேளுங்க, கொளத்தக் கேளுங்க. அதுவும் நின்னு போச்சின்னா, அவிய சொன்னதுலயே ஒண்ணப் பிடிச்சித் திரும்பக் கேளுங்க. ஒண்ணும் தோணலன்னா சும்மா இருங்க, குடி முழுகிராது” என்றாள்.

செல்லம் வேறு, தாம்பாளம் வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். செல்லம் பேசிக்கொண்டிருப்பதற்கு. வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் எடுத்துவைத்த தாம்பாளம் விருந்தாளி விடைபெறும்போது மட்டும் வரும். அது வந்துவிட்டால் எழுந்திருக்க வேண்டும். அன்றும் பக்கத்து அறையில் ஒரு தாம்பாளம் தயாராக இருந்தது. அக்கா வந்து, பானகம் கொடுத்து, நமஸ்காரம் செய்து உள்ளே போன பிறகு அதைக் கொண்டுவருவது என் வேலை.

வந்தார்கள். வண்டி வந்த வழியைப் பற்றிய பேச்சு சீக்கிரமே தீர்ந்தது. அப்பா பாயின் கோரையை நிமிண்டத் தொடங்கினார். ஆனால் பெரியவரின் கண் தானாகவே கன்றுக்குப் போனது; அப்பாவும் அதையே பார்த்தார். இரண்டு பேர் பேச்சற்றுப் போய் உட்கார்ந்திருப்பது, இரண்டு பேர் கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக மாறியது. சற்றுக் கழித்துப் பெரியவர், “தாய்க்கு இது எத்தனாவது ஈத்து?” என்று கேட்டார். பேச்சு மறுபடி நடந்தது.

அடுத்து அது ஊர்க் குளத்தில் போய் நின்றது. மடை உடைந்த கதையைச் சொல்லிவிட்டுப் பெரியவர் பாக்கு வெட்டத் தொடங்கினார். அந்தக் ‘கடக் கடக்’ ஓசையிலேயே கொஞ்ச நேரம் போனது. பிறகு அப்பா, சொல்லிக்கொடுத்தபடியே, “மடை உடைஞ்சிதுன்னியளே, பெறகு எப்படி அடைச்சாவ?” என்றார். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. தான் சொன்னதை ஒருவர் காதில் வாங்கியிருக்கிறார் என்ற மலர்ச்சி அது. கதவுக்குப் பின்னால் அம்மா அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாவது மௌனம் மாப்பிள்ளையால் வந்தது. அப்பா அவரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். “பிள்ளைகள் நல்லா வருதாங்க” என்று சொல்லி அவர் நிறுத்திக்கொண்டார். பெரியவருக்கும் அப்பாவுக்கும் வார்த்தை தீர்ந்திருந்தது. ஆனால் சங்கரலிங்கம் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. கன்று கயிற்றைச் சுற்றிச் சுற்றித் தன்னையே சிக்கவைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு, ஆற்றங்கரையில் தனியே இருப்பவரைப்போல இருந்தார். அக்கா பானகச் செம்போடு கதவோரம் நின்று அவரையே பார்த்தாள். அவள் அப்படி ஒருவரைப் பார்த்து நான் கண்டதில்லை.

அம்மா என்னிடம், “பைய இருலே, தானா வரும்” என்று கை காட்டினாள். என்னால் முடியவில்லை. அந்த மௌனம் பொறுக்கவில்லை என்பது பாதி உண்மை. மறு பாதி, அக்கா இவரோடு போய்விடுவாள் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துபோனது. நேரே பக்கத்து அறைக்குப் போனேன். தாம்பாளத்தை எடுத்துவந்து பெரியவர் முன் வைத்தேன்.

பாக்குவெட்டி நின்றது. பெண்ணைக் காட்டாமலே தாம்பூலம் வந்தால், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஒரே பொருள்தான். பெரியவர் கோபப்படவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, “அப்ப உத்தரவு வாங்கிக்கிடுதோம்” என்று எழுந்தார். தாம்பூலம் எடுத்தவரைத் திரும்ப உட்காரச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. வண்டி போய்விட்டது.

“யாருலே ஒன்ன எடுக்கச் சொன்னது?” என்று அம்மா கேட்டாள்.

“அக்காதான் கண்ணக் காட்டுனா” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால், அவரைப் பிடித்திருக்கிறது என்று தகப்பனார் முன்னால் சொன்னதாகிவிடும். பதினாறு வயதுப் பெண் அந்நாளில் எப்படிச் சொல்வாள்? செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா அவளைக் கடிந்துகொள்ளவே இல்லை. “பிள்ளைக்குப் பிடிக்காத எடத்துல குடுக்க வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். அந்த அன்பினாலேயே நாங்குநேரிக்குச் சமாதானம் சொல்ல ஒருவரும் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அக்காவை அம்பாசமுத்திரத்தில் கொடுத்தார்கள். அத்தான் நல்லவர், ஆனால் தூங்கும் நேரம் தவிர வாய் மூடாதவர். அவர் பேசப் பேச அக்கா தலையாட்டிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க நேரும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவேன்.

கல்லூரியில் பாடம் சொல்லும் நிலைக்கு வந்து, அப்பாவும் காலமான பிறகு, நாற்பது வயதில் ஒருநாள் நாங்குநேரிக்குப் போனேன். சங்கரலிங்கம் தலைமை வாத்தியாராகியிருந்தார். மனைவி, மக்கள் என்று நிறைந்த வீடு. நான் இன்னார் மகன் என்றேன், அதற்குமேல் வரவில்லை. அவர் என்ன ஏது என்று குடையாமல், ஒரு முறத்து மொச்சையை என் பக்கம் நகர்த்தித் தானும் உரிக்கத் தொடங்கினார். பாதி முறம் உரித்தபின் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிச்ச மொச்சையையும் உரித்து முடித்தார். பிறகு, “எங்கப்பா ரொம்ப நாள் மனத்தாங்கலா இருந்தாவ. நீங்க வந்தது நல்லதாப் போச்சி. சாப்பிட்டுத்தான் போகணும்” என்றார்.

பாரம் இறங்கியது என்று எண்ணி அங்கிருந்து நேரே அம்பாசமுத்திரம் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அவியகிட்ட எதுக்குலே மொதல்ல போய்ச் சொன்ன?” என்றாள். குரலில் கடுமை இல்லை. “அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்லா. கடைசி மட்டும், நான்தான் வேண்டாம்னேன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டாவ.”

இருபத்தெட்டு வருஷமாக நான் யோசித்திராத ஒன்று அது. என் சங்கடம் தீர அவள் எதையும் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. மடிக்க வேண்டிய வேட்டியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கூடைத் துணி முழுவதையும் இருவரும் பேசாமல் மடித்து முடித்தோம்.

சங்கரலிங்கம் முன்பே காலமானார்; அக்கா போய் இப்போது ஆறு வருஷம் ஆகிறது. வண்ணார்பேட்டை வீடு கைமாறி, அந்தப் பட்டாசல் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. அன்று அவள் கண்ணைக் காட்டவில்லை என்பதை அறிந்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.