இடது பக்க பாக்ஸ்

கறம்பக்குடிப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, நாகராசு மைக்செட் இல்லாமல் நடக்காது. பந்தல் நடுவில் நின்று கண்ணை மூடிக் கேட்பார். எந்த ஸ்பீக்கர் பாக்ஸில் எது கூட, எது குறைச்சல் என்று பட்டென்று சொல்லிவிடுவார். அந்தக் காதைப் பற்றி அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே கர்வம். வயர் இழுப்பதும் கம்பம் ஏறுவதும் சேவுகன். முதலாளி, கூலி என்றில்லாமல் இருவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டு வளர்த்த தொழில்.

அன்று ஒரு காதுகுத்து வீடு. விடியற்காலை கம்மாயில் முங்கிக் குளித்துவிட்டு வந்தவருக்கு இடது பாக்ஸ் அமுங்கிக் கேட்டது. வால்யூமைக் கூட்டினார். பந்தலில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள்.

"அண்ணே, நல்லாத்தான் பாடுது. கொறைங்க" என்றான் சேவுகன்.

இரண்டு பாக்ஸையும் இடம் மாற்றி வைக்கச் சொன்னார். அப்போதும் இடதுதான் மந்தம். பாக்ஸ் சரி, அப்படியானால் வயர். வயர் சேவுகன் இழுத்தது. வந்ததே கோபம்!

"ஒட்டுப்போட்ட வயரை இழுத்துட்டு எனக்கே பாடம் சொல்றியா? இனிமே என் செட்டைத் தொடாத!"

கையில் மைக் இருந்தது. ஆன் ஆகி இருந்தது. ஊரே கேட்டது. சேவுகன் தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போகிற பக்கம் பார்க்கப் பின்னால் திரும்பினார் நாகராசு. இப்போது வலது பாக்ஸ் மந்தமாகிவிட்டது. மறுபடி முன்னால் திரும்பினார். மந்தம் இடதுக்கே வந்தது. பாக்ஸ் எங்கே நகரும்? நகர்ந்தது அவருடைய தலைதான். அப்படியானால் கோளாறு அவருடைய இடது காதில்.

சேவுகனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மைக்செட்காரனுக்குக் காது போச்சாம் என்று ஒருத்தன் சொன்னால் போதும், அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆளைத் தேடிவிடுவார்கள். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பட்ஸை விட்டுக் குடைந்தார். அடைப்பு இன்னும் உள்ளே போய் இறுகியது. அடுத்து ஊக்கு. சுருக்கென்று வலித்து, நுனியில் ரத்தம் பட்டது. பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சும்போதுதான் மனைவி பரிமளா கையும் களவுமாகப் பிடித்தாள்.

"கொதிக்கிறத காதுல ஊத்திக்கிட்டு என்னத்தைக் கேக்கப் போறீங்க? கெளம்புங்க புதுக்கோட்டைக்கு!"

காது மருத்துவர் ஷமீமா விளக்கு வைத்துப் பார்த்தார். "காது போயிருச்சாங்க?" என்று கேட்டார் நாகராசு.

"காது போகலைங்க. குறும்பி, அதான் காதழுக்கு, கட்டிப்போய் அடைச்சிருக்கு. குளிச்ச தண்ணியில ஊறி உப்பியிருக்கும். ஊக்கு விட்டீங்களா? கீறியிருக்கே."

பரிமளாதான் தலையாட்டினாள்.

"நல்லவேளை, மேலாகத்தான் கீறல். பட்ஸ் விட்டா குறும்பி வெளிய வராது, உள்ளதான் போகும். ஊக்கு செவிப்பறையையே கிழிச்சிரும். சூடான எண்ணெய் ஊத்துனா உள்ள வெந்துரும். முன்னாடி எப்பவாவது சீழ் வடிஞ்சிருக்கா? செவிப்பறையில ஓட்டைன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"இல்லைங்க."

"அப்ப வீட்டுலயே இளக்கலாம். நாலஞ்சு நாள் இந்தச் சொட்டு மருந்து. அடைச்ச காது மேல இருக்க மாதிரி ஒருக்களிச்சுப் படுத்து விட்டுக்கிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. ஊறுறப்ப இன்னும் அடைச்ச மாதிரி இருக்கும், பயந்துறாதீங்க. வலியோ சீழோ வந்தா நிறுத்திட்டு ஓடி வந்துருங்க. நெறையப் பேருக்குத் தானா வெளிய வந்துரும். உங்களுக்கு நீங்களே இடிச்சு இறுக்கியிருக்கீங்க, அதனால திரும்ப வாங்க, நான் எடுக்கறேன். கீறல் இருக்கறதால தண்ணி பீச்சிக் கழுவ மாட்டேன்."

சொன்னபடியே சொட்டு விட்டபின் உலகம் இன்னும் அமுங்கிப்போனது. அந்த நாட்களில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: மைக்கில் அவர் கத்திய கத்தல். ஒரு முகூர்த்தத்துக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னார்.

திரும்பப் போனபோது மருத்துவர் மெல்லிய உறிஞ்சுகுழாயை வைத்தார். பெரிய இரைச்சல். கறுத்த கட்டி ஒன்று வந்தது, மிளகைவிடச் சற்றுப் பெரிது. உள்ளே மறுபடி பார்த்து, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்றார். மின்விசிறி கரகரப்பது இடது பக்கமாகவும் கேட்டது. பரிமளா சிரித்தாள். நாகராசுக்கு அழுகைதான் வந்தது. இந்த அழுக்குக்காகவா அவனை விரட்டினோம்?

சேவுகன் கீரமங்கலத்தில் வேறொரு செட்டோடு கோயில் விழாவில் நின்றான். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் பஸ் ஏறினார் நாகராசு. பந்தலையும் கூட்டத்தையும் பார்த்ததும் அது கோழைத்தனமாகப் பட்டது. திட்டியது ஊர் கேட்கத்தானே?

"சேவுகா, அந்த மைக்கைக் குடு."

"வேணாம்ணே..."

வாங்கிக்கொண்டார். "கறம்பக்குடி நாகராசு பேசுறேன். அன்னிக்கு ஊர் கேக்க இவனைத் திட்டுனேன். இவன் இழுத்த வயர்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு என் காதுல. அழுக்கு அடைச்சிருந்துச்சு. தெரிஞ்ச பின்னாடியும் சொல்லாம இருந்தேன்."

அவர் குரல் இரண்டு பாக்ஸிலும் ஒரே அளவில் கேட்டது. கூட்டம் சிரித்தது, அந்தச் சிரிப்பும் இரண்டு காதிலும் சரியாக விழுந்தது. முகம் எரிய, தலை நிமிராமல் நின்றார்.

சேவுகன் மைக்கை வாங்கி அணைத்தான். ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"இடது பக்கம் போதுமாண்ணே? இல்ல, கூட்டணுமா?"